ஓடிபி சொன்னால் குழாய் அடங்கும்

குழாய் சொட்டினால் தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொல்லிவைப்பது நாகரிகம் அறியாத காலத்துப் பழக்கம். செயலி வந்தபின் எல்லாம் முறைப்படி நடக்கிறது.

முதலில் சுயவிவரம். பிளம்பர் நீலச் சட்டையில் கைகட்டி நிற்பார். எலெக்ட்ரீஷியனும் அதே சட்டையில் நிற்பார். இருவருக்கும் 4.8 நட்சத்திரம். குறைந்தால் வேலை வராது என்பதால் குறைவதே இல்லை. தொழில்தரம் அப்படி உயர்ந்துவிட்டது.

அடுத்து வேலைக் கோரிக்கை. 'குழாய் கசிவு' என்பதைத் தொட்டு, படம் ஏற்றி, வரைபடத்தில் வீட்டைக் குத்திக் காட்ட வேண்டும். சற்று நேரத்தில் பிளம்பர் கூப்பிட்டு, "சார், பிள்ளையார் கோயிலுக்கு முன்னாடியா, தாண்டியா?" என்பார். படத்தில் சொட்டு தெரியும். தேய்ந்தது வாஷரா, ஸ்பிண்டிலா என்பது கழற்றினால்தான் தெரியும். எனவே முன்கூட்டியே உறுதியாகச் சொல்லக்கூடியது வருகைக் கட்டணம் ஒன்றுதான். வாஷரின் விலை அதன் பக்கத்தில் நிற்கக் கூசும்.

பிறகு நம்பிக்கை. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாதபடி செயலி மறைத்துவைக்கிறது. ஓடிபி சொன்னால்தான் ஸ்பேனர் பையிலிருந்து வெளியே வரும். வேலை முடிந்ததும், "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்" என்று பிளம்பர் திரையைப் பார்த்தபடி நிற்க, வாடிக்கையாளரின் சுதந்திரமான கருத்து பதிவாகும்.

நம்பிக்கை முழுமையடைவது வாசற்படியில். பிளம்பர் குரலைத் தாழ்த்தித் தன் எண்ணைச் சொல்வார்: "அடுத்த தடவை நேரா கூப்பிடுங்க சார். எடுக்கலைன்னா முனை ஹார்டுவேர் கடையில சொல்லிவைங்க. அங்கதான் உட்கார்ந்திருப்பேன்."