மஞ்சள் வைப்பதற்கு முன் வாருங்கள்

எங்கள் ஜவுளிக்கடையில் நான் உட்காரும் இடத்துக்கு ‘ரிட்டர்ன் கவுன்ட்டர்’ என்று பெயர். மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டர் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிறது. துணி விற்கிற இடத்தில் ஏசி ஓடும், அத்தர் தெளிப்பார்கள், குழந்தைக்கு பலூன் கொடுப்பார்கள். விற்றதைத் திரும்ப வாங்குகிற இடத்துக்கு ஒரு டேபிள் ஃபேன். பதினோரு வருடமாக இந்த ஊரில் சிரித்த முகத்தோடு எனக்கு எதிரே வந்து நின்றவர் ஒருவர்தான். அவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். “ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கே. எதுக்குப் பணம், எதுக்கு மாத்து, எதுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடு. சுருக்கமா எழுது.”

சுருக்கம் என்றால் அவருக்கு அப்பா காலத்து போர்டுதான். ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.’ நான்கே சொல். அதையே தூசி தட்டி மாட்டலாமே என்று அவருக்கு ஒரு ஆசை. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுத்தால் அது நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவரைக்கும், போடாவிட்டால் 30 நாள்வரைக்கும் கடைக்காரருக்குப் பொறுப்பு உண்டு. அந்த போர்டை மாட்டினால் நம்மேல் புகார் கொடுப்பவருக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றேன்.

“அப்ப ‘கலர் பிடிக்கலை, மாமியார் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க’ன்னு வந்தாலும் பணமா?”

“அதுக்குச் சட்டம் ஒண்ணும் சொல்லலை. அது நம்ம மரியாதைக்கு மாத்திக் கொடுக்கிறது.”

முதலாளி முகம் தெளிந்தது. மொத்தக் கணக்கும் இவ்வளவுதான். தப்பு எங்கள் துணியில் என்றால் பணம். தப்பு உங்கள் மனசில் என்றால் மாற்று. துணி உங்கள் வீட்டில் ஒருநாள் வாழ்ந்துவிட்டது என்றால் ஒன்றும் இல்லை. இதை அப்படியே எழுதிக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“தப்பு யாருதுன்னு யார் சொல்றது?”

“நான்தான்.”

“அதைத்தான் ஜனம் நம்ப மாட்டேங்குதே.”

நியாயமான பேச்சு. ஆகவே நான் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்பதையும் எழுத உட்கார்ந்தேன். அங்கேதான் சுருக்கம் போய்விட்டது.

முதலில் ஓட்டை. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தறியில் ஒரு ஊடை விட்டுப்போனால் அந்தக் குறை நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரு கரையிலிருந்து மறு கரையைப் பார்த்து ஓடும். வளையலோ நகமோ பைக் சைடு ஸ்டாண்டோ இழுத்திருந்தால் நேராகப் போகாது. ஒரே ஒரு இழை வெளியே வளையமாகத் தொங்கும், அதற்கு இரண்டு பக்கமும் துணி சுருங்கி நிற்கும். முதல் வகை எங்களுடையது, பணம். இரண்டாவது வகை உங்களுடையது. சந்தேகம் வந்தால் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். அதற்காகவே அந்த ஜன்னலை ஜெனரேட்டர் புகையையும் மீறித் திறந்து வைத்திருக்கிறேன்.

ஒருவர் பாலியஸ்டர் கலந்த சட்டையைக் கொண்டுவந்தார். பை ஓரத்தில் பட்டாணி அளவு ஓட்டை. “உங்க குடோன்ல எலி கடிச்சிருக்கு” என்றார். ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவினேன். கெட்டியாக, மணிமணியாக உருகி உறைந்திருந்தது. பாலியஸ்டர் நெருப்புப் பட்டால் அப்படித்தான் உருகும். பருத்தியாக இருந்தால் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கும். எலி கடித்தால் இரண்டும் ஆகாது, நூல் பிய்ந்து பிசிராக நிற்கும்.

“எங்க குடோன் எலிக்கு சிகரெட் பழக்கம் இல்லீங்க” என்றேன். அவர் சட்டையை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த பெட்டிக்கடைக்குத்தான் நேராகப் போனார்.

அடுத்தது மஞ்சள். புதுத்துணிக்கு ஒரு ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் நம் வீடுகளில் உடுத்துவார்கள். என் கணக்கில் அது பத்திரப்பதிவு மாதிரி. மஞ்சள் வைத்த நிமிடம் துணி கைமாறிவிட்டது. ஆனால் வருகிறவர்கள் அந்தக் கறையைக் காட்டி, “இது வாங்கும்போதே இருந்துச்சு, பழைய ஸ்டாக்கை எங்க தலையில கட்டிட்டீங்க” என்பார்கள். இதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. வெள்ளைச் சட்டை அலமாரியில் நாள்பட இருந்தால் மடிப்போரம் மஞ்சளாகத்தான் போகும். அது எங்கள் குற்றம்.

இதற்கு என் மேஜையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் இருக்கிறது. வெள்ளைப் பருத்திச் சட்டையானால் கறையின் ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பேன். நாள்பட்ட மஞ்சள் அப்படியே இருக்கும். பூஜை மஞ்சள் சட்டென்று சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். எத்தனையோ வாதங்கள் அந்த ஒரு சொட்டில் முடிந்திருக்கின்றன. ஒரு பாட்டி மட்டும், “ஐயோ, ரத்தம் வருதே” என்று சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணப் பட்டுக்குச் சொட்டு வைக்க மாட்டேன். அதற்கு வேறு வழி. தோள்பக்கம் வரும் இடத்தில் ஊக்கு குத்திய இரட்டை ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன், கீழ்க்கரையில் தரை அழுக்கைப் பார்ப்பேன், பிறகு முகர்ந்து பார்ப்பேன். மல்லிகைப்பூ வாசனை மூன்று நாள் இருக்கும். ஒருமுறை ஒரு தம்பதி, “பிரிக்கவே இல்லை சார், அப்படியே இருக்கு” என்று பட்டுப்புடவை கொண்டுவந்தார்கள். மடிப்பைப் பிரித்தேன். உள்ளிருந்து ஒரு அட்சதை விழுந்தது. அதை எடுத்து மேஜை நடுவில் வைத்தேன். மூன்று பேரும் அந்த அரிசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கணவர்தான், “கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது சார்” என்றார்.

இவ்வளவையும் படித்துவிட்டு முதலாளி, “அப்ப துவைச்சது, ஃபால்ஸ் அடிச்சது, பிளவுஸ் வெட்டினது எதையும் எடுக்கிறதில்லைன்னு முதல் வரியில போடு” என்றார். போடக்கூடாது என்றேன். அன்று காலையில் வந்த டீச்சரம்மா விவகாரத்தை அப்போதுதான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற டீச்சர். மெரூன் நிறச் சுங்குடி, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாங்கி ஒன்பது நாள். ஃபால்ஸ் அடித்திருக்கிறது, ஒருமுறை அலசியும் இருக்கிறது. என் கையாள் பையன் பார்த்ததும், “அலசின புடவை எடுக்க மாட்டோம்மா” என்று பையைத் திருப்பித் தள்ளினான். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையை எடுத்து என் முன்னால் விரித்தார். வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ரோஸ் நிறமாக இருந்தன.

மெரூன், கருநீலம் எல்லாம் முதல் தண்ணீரில் கொஞ்சம் சாயம் விடும். அது குறை ஆகாது, விற்கும்போதே சொல்ல வேண்டிய சமாசாரம். ஆனால் விட்ட சாயம் தன் துணியிலிருக்கிற வெள்ளையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் அது பிடிக்காத சாயம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, மெரூன் பகுதியில் பத்து தடவை தேய்த்தேன். கைக்குட்டை வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆயிற்று. அலசி வந்த புடவையே இப்படி என்றால், அது அலசினவரின் குற்றம் இல்லை. பிளீச்சிங் பட்டிருந்தால் மெரூன் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். அப்படி ஒரு இடத்திலும் இல்லை.

அலசாமல் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. அலசினதால் எடுக்க மாட்டோம் என்றால், எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டோம் என்றுதான் அர்த்தம். அதனால்தான் நான் பில் தேதியையும் ஃபால்ஸையும் இரண்டாவதாகப் பார்க்கிறேன். முதலில் குறை யாருடையது என்று பார்க்க வேண்டும். அது எங்களுடையதாக இருந்தால் மற்ற கேள்விகளில் பாதிக்கு வேலை இல்லை.

புடவையில் போட்டிருந்த விலை 1,400 ரூபாய். பத்து சதவீதம் தள்ளுபடி போக அவர் கட்டியது 1,260. திருப்பிக் கொடுத்ததும் 1,260. கொடுத்த பணம்தான் திரும்பும், அட்டையில் போட்ட விலை திரும்பாது. “ஃபால்ஸுக்கு 80 ரூபா ஆச்சு” என்றார் டீச்சர். அந்த எண்பதை நான் என் பொறுப்பில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் முதலாளிக்கு இருமல் வந்தது. பிறகு, “எந்த நெசவாளிகிட்ட வாங்கினது, மிச்சம் எத்தனை புடவை இருக்கு?” என்று கேட்டார். ஏழு இருந்தன. ஏழையும் விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார். இதற்காகத்தான் அவரிடம் பதினோரு வருடம் இருக்கிறேன்.

ஆஃபர் சட்டை ஒரு தனிப் பஞ்சாயத்து. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், ஒன்றின் விலை 750. மூன்று சட்டைக்கு 1,500 கட்டினவர், தையல் பிரிந்த ஒன்றைக் கொண்டுவந்து 750 கேட்கிறார். இலவசமாகக் கொடுத்த சட்டைக்கு எதற்குப் பணம் என்று முதலாளி கேட்கிறார். எது இலவசச் சட்டை என்று அந்தச் சட்டைக்கே தெரியாது. 1,500ஐ மூன்றால் வகுத்தால் 500. பில்லிலும் அப்படித்தான் பிரித்து அடித்திருக்கிறது. இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. ஆகவே கணக்கு சரி என்று நினைக்கிறேன்.

பணம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகத்தான் போகும். மச்சான் ஜிபேயில் கட்டியதை மாப்பிள்ளை கையில் ரொக்கமாகக் கொடுத்து, ஒரு குடும்பம் இரண்டானதை இந்த மேஜையில் பார்த்துவிட்டேன்.

கடைசியில் போர்டு இப்படி வந்தது:

‘துணியில் குறை இருந்தால் துவைத்திருந்தாலும் தைத்திருந்தாலும் 30 நாளுக்குள் கொண்டுவரவும். பார்த்துவிட்டு, கட்டிய பணம் திருப்பித் தரப்படும். அளவு, நிறம், மனசு மாறியிருந்தால் 15 நாளுக்குள் பில், அட்டை, மடிப்புடன் வரவும். வேறு துணி தரப்படும், பணம் கிடையாது. உடுத்தியது, மஞ்சள் வைத்தது, வெட்டியது, பெட்டி பிரித்த உள்ளாடை ஆகியவற்றில் குறை இல்லாவிட்டால் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.’

‘அட்சதையை உதறிவிட்டு வரவும்’ என்று கடைசியாக ஒரு வரியும் எழுதியிருந்தேன். முதலாளி அடித்துவிட்டார்.

போர்டு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. வாங்குகிறவர்கள் யாரும் படிப்பதில்லை, அவர்கள் மாடியில் இருக்கிறார்கள். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்கள் மட்டும் கடைசி வரைக்கும் படிக்கிறார்கள்.