மாலைக்கு உறவு எது?

கேள்வி: “மாலை முழுதும் வாசலில் தூறல்” என்று ஒரு வரி எழுதினேன். ‘மாலை’க்கு ‘முழுதும்’தானே மோனை?
– வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: இல்லை, ‘வாசலில்’தான் மோனை!

மெய் ஒன்றாக இருந்தால் மட்டும் மோனை அமையாது, அதன்மேல் ஏறிய உயிரும் ஓரினமாக வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. ‘மா’வில் ஆ, ‘மு’வில் உ. ஒரே வீட்டில் பிறந்தும் பேச்சுவார்த்தை இல்லை.

மெய்களிலோ மகரமும் வகரமும் உறவு. சகரம்–தகரம், ஞகரம்–நகரம் ஜோடிகளும் அப்படியே. ஆகவே ‘மா’வும் ‘வா’வும் கைகோத்துக்கொள்கின்றன.

நான்கு சீர் அடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் இப்படி ஒத்தால் அது பொழிப்பு மோனை. அடியின் பிற்பாதி மூன்றாம் சீரில் தொடங்குவதால், இரு பாதிகளும் அங்கே கட்டுண்கின்றன. ‘வாசலில்’ என்பதை ‘வீதியில்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் நிற்கும், கட்டு அவிழ்ந்துவிடும்.