மில்லி அறியாத பம்பு

"ஏங்க, வாரத்துக்கு ஒரு டம்ளர் உரத்தண்ணி ஊத்தறதுக்கு மோட்டாரா?" என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. மறதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்குப் போனால் நான் பேப்பர் படிப்பேன், அணிலைப் பார்ப்பேன், பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் வழிவதைக் குற்றம் சொல்வேன். உரம் மட்டும் ஊற்ற மாட்டேன்.

எங்கள் திருச்சி வீட்டு மொட்டை மாடியில் ஐம்பது லிட்டர் டிரம் ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் அது நிரம்பி, சொட்டுக்குழாய் வழியே தக்காளிக்கும் கத்தரிக்கும் போகும். 19:19:19 உரத்தில் 200 கிராமைக் கரைத்து, தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டராக்கி பாட்டிலில் வைத்திருப்பேன். அதில் 250 மில்லி டிரம்மில் சேர்ந்தால், ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் ஒரு கிராம் உரம் என்று கணக்கு. இதற்காகத்தான் பெரிஸ்டால்டிக் பம்பு வாங்கினேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சின்ன வயதில் பாக்கெட் ஐஸை அடியிலிருந்து விரலால் பிதுக்கிப் பிதுக்கி மேலே கொண்டுவந்தோமே, அதே வேலை. விரலுக்குப் பதில் மூன்று உருளைகள், பாக்கெட்டுக்குப் பதில் ஒரு சிலிக்கோன் குழாய். திரவம் குழாயைத் தவிர வேறு எதையும் தொடாது. அதனால் மோட்டாருக்குள் உப்புப் பிடிக்காது.

நிமிடத்துக்கு நூறு மில்லி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் மாதிரிதான் இதுவும். நேரில் விசாரிக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பம்புக்கு மில்லி என்றால் என்னவென்று தெரியாது. டைமர் சொல்லும் நொடி வரைக்கும் சுற்றும், நின்றுவிடும். அந்த நொடிக்குள் எத்தனை மில்லி போனது என்பதை நாம்தான் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சமையலறைத் தராசைக் கேட்காமல் எடுத்தேன். தண்ணீரில் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. வெறும் பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்கி, அறுபது நொடி ஓட்டினேன். 66 கிராம். நூறு என்று சொல்லிவிட்டு அறுபத்தாறா! விற்றவருக்கு மனசுக்குள்ளேயே ஒரு புகார்க் கடிதம் எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடுமுன் இன்னொரு முறை ஓட்டினேன். 87. மூன்றாவது முறையும் 87. நாலாவது 86.

முதல் ஓட்டத்தில் காணாமல் போன 21 கிராம் எங்கே என்று தேடியபோது அது குழாய்க்குள்ளேயே இருந்தது. நான் மாட்டியிருந்தது மூன்று மில்லிமீட்டர் துவாரமுள்ள குழாய், மூன்று மீட்டர். அதை நிரப்பவே சுமார் 21 மில்லி வேண்டும். காலிக் குழாயை நிரப்பின நேரத்தையும் பம்பின் சம்பளத்தில் பிடித்தம் செய்திருக்கிறேன். மறுமுனையில் குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த 66-ஐ நம்பி டைமரை வைத்திருந்தால் கத்தரிக்கு வாராவாரம் விருந்துதான்.

அடுத்து எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோனேன். நீளமான ஒயர், ஒன்றரை மீட்டர் உயரத்தில் டிரம், தண்ணீருக்குப் பதில் நிஜ உரக்கரைசல். எங்கே எதை வைத்து ஓடப்போகிறதோ அங்கேயே அதையே வைத்து அளக்க வேண்டும் என்ற அளவுக்குப் புத்தி வந்திருந்தது. குழாய் முனையை டிரம்மின் விளிம்பிலேயே பிடித்து, பாத்திரத்தில் அறுபது நொடி விட்டேன். தராசு 89 காட்டியது. கீழே 87, மாடியில் 89. மேலே ஏற ஏற வேகம் கூடும் பம்பை உலகத்திலேயே நான்தான் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

எட்டாவது படிக்கும் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது தண்ணியா, உரமா?"

"உரம்."

"அப்ப ஒரு கிராம் எப்படி ஒரு மில்லி ஆகும்?"

அன்று நான் பேச்சை நிறுத்திய நேரத்தை டைமரில் அளந்திருக்கலாம். அவளே மருந்துக்கடை சிரிஞ்சில் ஐம்பது ஐம்பதாக இரண்டு முறை இழுத்து, நூறு மில்லி கரைசலைத் தராசில் வைத்தாள். 109 கிராம். உப்பு கரைந்த திரவத்துக்கு எடை கூட. 89-ஐ 1.09-ஆல் வகுத்தால் 82 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக பம்பு மாடிக்கு வந்து வேகம் கூட்டவில்லை. ஒயரில் மின்னழுத்தம் இறங்கியதாலும் மேலே தள்ள வேண்டியிருந்ததாலும் நிமிடத்துக்கு ஐந்து மில்லி களைத்துப்போயிருந்தது. அதை எடை மறைத்துவிட்டது. 250 மில்லிக்கு 183 நொடி என்று டைமரில் வைத்தேன். 89-ஐ நம்பியிருந்தால் 169 நொடிதான் வைத்திருப்பேன். வாரம் இருபது மில்லி குறைந்திருக்கும்.

அதன்பின் எல்லாம் சுகம். ஒரு லிட்டர் பாட்டில் சரியாக நாலு ஞாயிறுக்கு வந்தது. நாலாவது ஞாயிறு அடியில் ஒரு மடக்கு மிஞ்சாது. இந்தப் பாட்டில்தான் எனக்குக் கிடைத்த நல்ல கணக்குப்பிள்ளை என்று அப்போது தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து ஒரு மாதக் கடைசியில் பாட்டிலில் கிட்டத்தட்ட நூறு மில்லி மிஞ்சியிருந்தது. கத்தரியின் அடி இலைகளும் பழுத்திருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு பெரிய துப்பறியும் கதை தயாரித்தேன். இலை பழுத்தது சும்மா, வயதான செடி. பத்தில் ஒரு பங்கு உரம் குறைந்ததற்காக எந்தக் கத்தரியும் முகம் வாடாது. ஆனால் பாட்டில் பொய் சொல்லவில்லை. மறுபடி அளந்தால் நிமிடத்துக்கு 74 மில்லிதான் வந்தது. மோட்டார் பழைய வேகத்தில்தான் சுற்றியது.

பம்பின் மூடியைத் திறந்து பார்த்தேன். உருளைகள் அழுத்திய இடங்களில் குழாய் உருண்டையாக இல்லை, சப்பட்டையாகக் கிடந்தது. அழுத்தம் விலகியதும் குழாய் முழுசாக விரிந்தால்தான் அடுத்த மடக்குத் திரவம் உள்ளே வரும். பாதி விரிந்தால் பாதி மடக்குதான். வேடிக்கை என்னவென்றால், இது ஓடித் தேயவில்லை. வாரத்துக்கு மூணு நிமிஷ வேலை. மீதி நேரமெல்லாம் மாடி வெயிலில் ஒரே இடத்தில் உருளையின் கீழே நசுங்கிக் கிடந்தே தேய்ந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்தே முதுகு வலி வாங்கிய எங்கள் ஆபீஸ் ஆட்கள் ஞாபகம் வந்தது. இப்போது மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மூடி போட்டிருக்கிறேன். நாள்தோறும் சில நொடி ஓட விட்டால் உருளை இடம் மாறும் என்று தோன்றியது. அந்த உரம் எங்கே போவது என்று யோசித்ததும் அதைக் கைவிட்டேன்.

மாற்றுக் குழாய் வந்து சேரப் பத்து நாளாகும் என்றார்கள். வந்தாலும் உடனே அளக்க முடியாது. புதுக் குழாய் முதலில் கொஞ்ச நேரம் ஓடி இளக வேண்டும். தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அளப்பது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் பாட்டிலைத் திறந்தார். அவருடைய காபி டம்ளரில் இல்லை, தோட்டத்துக்கென்று ஒதுக்கிய பழைய எவர்சில்வர் டம்ளரில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றினார். டிரம்மில் கொட்டப்போனவரை, "ஒரு நிமிஷம்" என்று நிறுத்தி, டம்ளரைத் தராசில் வைத்தேன். காலி டம்ளரின் எடை கழித்து 272 கிராம்.

"என்ன, குறையுதா?" என்றார்.

272-ஐ 1.09-ஆல் மனக்கணக்காக வகுத்தேன். 249 மில்லியும் கொஞ்சமும். தராசை அணைத்துவிட்டு, "பரவாயில்லை, ஊத்து" என்றேன்.