ஒரே வாக்கியம், மூன்று குழி

2024 ஏப்ரல் 19, வாக்குப்பதிவு நாள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் ஒரு படம் வந்து விழுந்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய தேர்தல் அறிவிப்பை யாரோ சாய்வாகப் பிடித்த படம். மேலே ஒரு முழ உயரத்தில் "100 சதவீதம் வாக்களிப்போம்". அதற்கடியில், கண்ணாடி போட்டாலும் கண்ணைச் சுருக்க வைக்கும் எழுத்தில் ஒரே வாக்கியம்: "18 வயது நிரம்பிய, வாக்காளர் அட்டை உள்ளவர்கள் காலை 7 முதல் மாலை 6 மணிக்குள் வாக்களிக்கலாம்."

யாருக்கு ஓட்டுரிமை, எதைக் காட்டுவது, எப்போது போவது என்ற மூன்று தனிக் கேள்விகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஒரு வரி மிச்சம். தெருவுக்கு மூன்று ஓட்டு போயிருக்கும்.

முதலில் போனவர் எதிர்வீட்டுத் தம்பி. வீடு மாறி வந்தவர். அட்டை சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. பழைய தெருவில் பெயரை நீக்கிவிட்டார்கள், புதிய தெருவில் அவர் சேர்க்கவில்லை. ஓட்டுரிமை அட்டையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அட்டை நீங்கள் யார் என்று மட்டும் சொல்லும். அறிவிப்பில் "பட்டியலில் பெயர் உள்ளவர்கள்" என்ற மூன்று சொல்லுக்கு இடமில்லை. கோலப்போட்டிக்கும் மனிதச் சங்கிலிக்கும் இடமிருந்தது.

தம்பி விடவில்லை. ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" கேட்டால் பெயர் இல்லாமலே போடலாம் என்று இன்னொரு வாட்ஸ்அப் படம் சொன்னதாம். சேலஞ்ச் என்பது தலைகீழ் விஷயம். பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி வந்தவர் அந்த ஆள்தானா என்று கட்சி ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதுதான் அது. பெயரே இல்லாதவரை யார் ஆட்சேபிப்பது? அரசு வாயைத் திறக்காத இடத்தில் வதந்தி மைக் பிடிக்கிறது. தம்பி வெறும் விரலோடு திரும்பினார்.

அடுத்தவர் தெருக்கோடிப் பெரியம்மா. அவருக்குப் பெயர் இருக்கிறது, அட்டைதான் காணோம். "அட்டை உள்ளவர்கள்னு போட்டிருக்கே, கண்ணு" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களை ஆணையம் ஏற்கிறது. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படம் உள்ள பென்ஷன் ஆவணம் எல்லாம் அதில் உண்டு. ரேஷன் கார்டு இல்லை. ஆனால் அறிவிப்பை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் ஜனம் எந்தக் கார்டோடு போகும்? பெரியம்மாவும் அதைத்தான் எடுத்தார். கூடவே பூத் சிலிப்பும். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் சொல்ல அந்தச் சீட்டு உதவும். 2019 முதல் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. வீடு வீடாக அதை விநியோகித்தவர்களில் ஒருவராவது "கூடவே படம் ஒட்டிய பாஸ்புக்கையும் எடுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கலாம். வாசல் வரை வந்தவருக்கு வாய் வரவில்லை. பெட்டியைக் குடைந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். மையோடு வந்தார்.

மூன்றாவது கதைதான் வயிற்றெரிச்சல். கட்டட வேலை முடித்து அடித்துப் பிடித்து வந்த ஒரு அக்கா 5.50க்கு வாக்குச்சாவடியை எட்டிப் பார்த்தார். முன்னால் நாற்பது பேர். "ஆறு மணிக்குள்ள எங்க நம்ம முறை வரப்போகுது" என்று கணக்குப் போட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்குள் வரிசையில் நின்றால் போதும். ஆறு அடித்ததும் தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி எண்ணிட்ட, கையொப்பமிட்ட சீட்டுக் கொடுத்து வருவார். பின்னாலிருந்து தொடங்குவதே அதற்கப்புறம் யாரும் வாலில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். சீட்டு கையில் இருந்தால் இரவு எட்டானாலும் ஓட்டு உண்டு. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, சுவரில் "6 மணிக்குள் வாக்களிக்கலாம்" என்று எழுதி ஒரு நாள் கூலிக்காரியைத் துரத்தியிருக்கிறார்கள். நாளைக்குத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து "மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்று கவலைப்படப் போவதும் இவர்கள்தான்.

மறுநாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "எல்லா விவரமும் கீழே போட்டிருக்கோமே சார். போட்டோ எடுத்தவர் சரியா எடுக்கல" என்றார்கள். ரேஷன் கடைக்குப் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பாதி இருந்தது உண்மைதான். அதன்மேல் அதே அலுவலகத்தின் கோலப்போட்டி அழைப்பு பளபளவென்று ஒட்டியிருந்தது.