மெல்லிசைக் குழுவில் வாசியாமை: ஓர் ஆய்வு

திருமண வரவேற்பு மேடையில் பாடகருக்குத் துணையாக நிற்கும் கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், தபேலா, புல்லாங்குழல் ஆகிய ஐந்து கருவிகளும் பாட்டின் முதல் நொடியிலேயே ஒருசேர ஒலிக்கத் தொடங்குவதைப் பரவலாகக் காணலாம். இதற்கு இசைக் காரணம் ஏதுமில்லை என்பதும், சும்மா நிற்பவர் பெண் வீட்டார் கண்ணில் பட்டுவிடுவார் என்னும் அச்சமே காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு நிமிடத்திற்கு 96 தட்டு வேகமுள்ள ஒரு மெலடிப் பாட்டைக் கொள்ளலாம். நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார் ஆதலின், எட்டு பார் நீளமுள்ள பல்லவி சரியாக 20 நொடிகளில் முடியும். வாசிக்காமல் நிற்பவருக்கு மட்டும் அது இரண்டு மணி நேரமாகத் தோன்றும். இப்பல்லவியை முதன்முறை பாடும்போது, ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கும் கிட்டார் மட்டும் குரலுடன் செல்ல, மறுமுறை பாடும்போது பேஸும் தபேலாவும் ஒரே தட்டில் நுழைய வேண்டும். கிட்டாரின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர, பேஸின் அடித்தந்தியோ அதில் பாதியாகிய 41 முறையே அதிர்வதால், அதுவரை அடித்தளமின்றி நின்ற பாட்டுக்கு அந்நொடியில் தளம் கிடைக்கிறது. முதலிலிருந்தே பேஸ் ஒலித்திருந்தால் காது அதற்குப் பழகிப்போய், நுழைவு என்று சொல்லத்தக்க ஒன்றே நிகழாது.

இதனைக் கெடுப்பது பெரும்பாலும் கீபோர்டு கலைஞரின் இடக்கையாகும். தனியாக வாசித்துப் பழகிய அக்கை, பேஸ் வாசிப்பவர் பக்கத்திலேயே நிற்பதை அறியாமல் கீழ்ஸ்வரங்களை அழுத்திக்கொண்டிருக்க, இரண்டும் ஒரே பகுதியில் மோதிக் குழம்பிவிடுகின்றன. பேஸ் எந்த ஸ்வரத்திற்கு மாறியது என்பது மூன்றாம் வரிசைக்குத் தெரியாமற்போவதே இந்நோயின் அறிகுறி. அப்போது பேஸ் கலைஞர் ஒலியைக் கூட்டுவார், அதைக் கேட்டு மற்றவரும் கூட்டுவார், பாடகர் மைக்கை விழுங்குவார். மருந்து எளிது: இடக்கை மடியில் இருக்க, வலக்கை மட்டும் கீபோர்டின் நடுப்பகுதியில் கார்டுகளை நீட்டிப் பிடிக்க வேண்டும்.

புல்லாங்குழலுக்கு இடையிசை, அதாவது பாடகர் தண்ணீர் குடிக்கும் பகுதி, முழுவதும் உரியது. சரணத்தில் அது குரல் உலவும் பகுதியிலேயே குறுக்கிடக்கூடும் ஆதலால், வரியின் முடிவில் கிடைக்கும் இரண்டு தட்டு இடைவெளியோடு நிறைவடைவது நலம். சரணத்தின் முதலிரு வரிகளில் பேஸ் விலகி, கடைசி இரு வரிகளில் திரும்பினால், பல்லவிக்குத் திரும்பும் இடம் தானாகவே எடுபடும். ஐவரும் சேர்ந்து ஒலிக்கத்தக்கது இறுதிப் பல்லவியின் 20 நொடிகள் மட்டுமே.

ஒத்திகையில் பகுதிக்கு ஒருவரை நிறுத்திக் கேட்க வேண்டும். எவரும் அவரைத் தேடவில்லையெனில், அப்பகுதியில் அவருக்கு வேலை இல்லை. வாசியாத நொடிகளுக்கும் சம்பளம் உண்டு என்பதைக் குழுத் தலைவர் அப்போதே அறிவித்துவிடுதல் வேண்டும்.