நல்லா இருக்கு தம்பி, ஆனா குறைச்சுக்கோ

விலை குறைய வேண்டுமென்றால் முதலில் பொருளைக் குறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் மாமாவின் கொள்கை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியைக் கையில் எடுத்ததுமே "என்னய்யா, எல்லாம் நசுங்கிக் கெடக்கு" என்பார். நசுங்கியிருக்காது. அவர் அழுத்திய பிறகு நசுங்கும்.

விளம்பர ஏஜென்சியிடம் இது செல்லாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் பூட்டுக் கடைக்குக் கூட்டம் வந்ததோ, நாகல் நகரில் ஏஜென்சி வைத்திருக்கும் தம்பி மாங்காய்ப் பூட்டை வைத்து ரீல்ஸ் எடுத்த பிறகுதான். வெளியூரிலிருந்தெல்லாம் கூரியர் ஆர்டர். வேலையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மாதம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. நான் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் அந்த 5,400-ஐ வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

சரி, பாராட்டிவிட்டுக் கேட்போம் என்று எத்தனை ஆர்டர் வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது எல்லாவற்றையும் அடுக்கினேன். தம்பி முகம் மலர்ந்தது. "அப்ப அடுத்த மாசத்துலருந்து 35 ஆக்கிக்கலாமாண்ணே?"

அதற்குமேல் ரேட்டைத் தொடவில்லை. "வாங்குற காசு உனக்கு எங்க போகுது, அதச் சொல்லு" என்றேன். அவன் மனம் விட்டுப் பேசினான். எட்டு ரீல்ஸுக்கு மாதத்தில் நாலு தடவை கேமரா, லைட் வாடகைக்கு எடுத்து வருகிறான். பில் போட்டால் என் பணம் வர ஒன்றரை மாதம். ஆனால் அதற்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் அவன் கட்டியாக வேண்டும், நான் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினான். ஒரே ரீலுக்கு எங்கள் மாமா அனுப்பிய திருத்தங்கள் கீழே போய்க்கொண்டே இருந்தன. "சாவி கொஞ்சம் மெதுவா திரும்பட்டும்." "பாட்ட மாத்து." "பழைய பாட்டே இருக்கட்டும்." எடிட்டிங் பையன் பாதி நாளை மாமாவுக்கே எழுதிவைத்திருக்கிறான்.

இவன் சம்பாத்தியத்தில் கை வைக்காமலே குறைக்க இடமிருக்கிறது. எட்டு ரீலுக்கும் மாதத்தில் ஒரே நாள் ஷூட்டிங், அன்றைக்குப் பட்டறை ஆசாரியைப் பிடித்து உட்கார வைப்பது என் பொறுப்பு. பணம் 5-ம் தேதிக்குள். ஆறு மாதத்துக்கு வேறு ஏஜென்சியைத் தேடமாட்டேன். ரீலுக்கு இரண்டு திருத்தம். மூன்றாவதிலிருந்து ஐந்நூறு ரூபாய். கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு 25,000-க்கு ஒத்துக்கொண்டான். வரியோடு 29,500. "பக்கத்துக் கடையில மட்டும் ரேட்ட சொல்லிராதீங்கண்ணே" என்றான். நியாயம்தான், அவர்களுக்கும் ஆளுக்கொரு மாமா இருப்பார்.

முதல் ரீல் வந்தது. இரண்டு திருத்தமும் முடிந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பூட்டு இன்னும் கொஞ்சம் பெருசா தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார். ஐந்நூறு என்றேன்.

"இதுவே போதும். பெருசாத்தான் இருக்கு" என்றார்.