பருந்து 12, புறாவும் 12

கேள்வி: பருந்துக்கும் புறாவுக்கும் சண்டை வந்தால் பருந்துதானே ஜெயிக்கும்? இதற்கு ஒரு கணக்கு எதற்கு?

பதில்: இங்கே பறவைச் சண்டையே கிடையாது. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த விலங்குகள்; இடத்துக்காக மோதும்போது நடந்துகொள்ளும் விதம்தான் வேறு. ‘பருந்து’ காயம்படும்வரை சண்டை போடும். ‘புறா’ வெறும் மிரட்டலோடு நிறுத்திக்கொள்ளும். எதிராளி அடிக்க வந்தால் ஓடிவிடும். 1973-ல் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் கேட்டது இதுதான்: கொம்பும் பல்லும் இருந்தும் விலங்குகள் ஏன் பெரும்பாலும் ஒன்றையொன்று கொல்லாமல் விலகிப் போகின்றன?

கேள்வி: இந்த மோதல்களின் வரவுப் பட்டியலில் பருந்தும் பருந்தும் மோதினால் -60 என்று எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டார். இடத்தின் மதிப்பு 40, காயத்தின் விலை 100 என்றால் 40-100 = -60 தானே?

பதில்: பேராசிரியர் அடித்தது சரி. நீங்கள் ஒரே ஆளுக்குப் பரிசையும் கொடுத்து, காலையும் ஒடித்துவிட்டீர்கள்! இடம் கிடைப்பது ஜெயித்தவனுக்கு, காயம் தோற்றவனுக்கு. பாதி முறை +40, பாதி முறை -100. சராசரி -30. இதைத்தான் (V-C)/2 என்று எழுதுகிறார்கள். V இடத்தின் மதிப்பு, C காயத்தின் விலை. மற்ற மூன்றும் எளிது: பருந்து புறாவைச் சந்தித்தால் பருந்துக்கு 40, புறாவுக்கு 0. இரண்டு புறாக்கள் சந்தித்தால் ஆளுக்குச் சராசரி 20.

கேள்வி: இதில் நிலைத்த உத்தி எது? எல்லோரும் புறாவாக இருந்தால் எல்லோருக்கும் 20 கிடைக்குமே!

பதில்: கிடைக்கும். ஆனால் அந்த ஊருக்குள் ஒரே ஒரு பருந்து நுழையட்டும், பார்க்கிற இடமெல்லாம் அதற்கு 40. அதன் குஞ்சுகள் பெருகும். சரி, எல்லோரும் பருந்தாகிவிட்டால்? ஆளுக்கு -30. அங்கே வந்து சேரும் ஒற்றைப் புறாவுக்கு 0 தான், ஆனாலும் -30-ஐவிட அது மேல். ஆகவே இரண்டு ஊரும் தாக்குப்பிடிக்காது.

நடுவில் எங்கோ இரண்டின் வரவும் சமமாக வேண்டும். பருந்துகளின் பங்கு p என்று வையுங்கள். பருந்தின் வரவு -30p + 40(1-p). புறாவின் வரவு 20(1-p). சமப்படுத்தினால் p = 0.4. இதுவே V/C, 40-ஐ 100-ஆல் வகுத்தாலும் அதே விடை.

விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். 0.4-ஐ மீண்டும் போட்டால் பருந்துக்கு -12 + 24 = 12; புறாவுக்கு 0.6 × 20 = 12. அடுத்து, சமநிலையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். பருந்துகள் பாதியாகப் பெருகினால் பருந்துக்கு 5, புறாவுக்கு 10, புறாக்கள் கூடும். பருந்துகள் 30 சதவீதமாகக் குறைந்தால் பருந்துக்கு 19, புறாவுக்கு 14; பருந்துகள் கூடும். எந்தப் பக்கம் தள்ளினாலும் 0.4-க்கே திரும்பி வருகிறதே, அதனால்தான் அதற்கு ‘நிலைத்த’ என்று பெயர். எல்லோரும் புறாவாக இருந்திருந்தால் 20. இங்கே கிடைப்பது 12. நிலைத்தது எது என்பதும் எல்லோருக்கும் நல்லது எது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கேள்வி: யானை சீல்கள் ரத்தம் சொட்டச் சண்டை போடுகின்றனவே?

பதில்: அங்கே ஜெயித்த ஆணுக்கு ஒரு கூட்டம் பெண் சீல்கள், தோற்றவனுக்குப் பெரும்பாலும் வாரிசே இல்லை. பரிசு காயத்தைவிடப் பெரிது. V = 120, C = 100 என்றால் பருந்தும் பருந்தும் மோதினாலும் ஆளுக்கு +10. புறாவுக்கு அந்த ஊரில் 0 தான். எனவே எல்லாம் பருந்து. V/C ஒன்றைத் தாண்டிவிட்டால் கலவை கிடையாது.

கேள்வி: சண்டையே இல்லாமல் தீர்க்க வழி உண்டா?

பதில்: பேருந்து இருக்கையில் துண்டு போடுகிறோமே, அதுதான் வழி! ‘நான் முதலில் வந்திருந்தால் பருந்து, பிறகு வந்தால் புறா’ என்பது மூன்றாவது உத்தி. ‘உரிமையாளர் உத்தி’ என்று வைத்துக்கொள்வோம். பாதி முறை உரிமையாளர், பாதி முறை வந்தேறி என்றால், தன்னைப் போன்றவர்களிடையே இதற்குக் கிடைப்பது 20. அதே கூட்டத்தில் நுழையும் பருந்துக்கு -30-க்கும் 40-க்கும் சராசரி, அதாவது 5. புறாவுக்கு 0-க்கும் 20-க்கும் சராசரி, 10. இரண்டாலும் உள்ளே நுழைய முடியாது.

இதற்கு உதாரணமாகப் பாடநூல்கள் காட்டுவது ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டின் ‘ஸ்பெக்கில்டு வுட்’ வண்ணத்துப்பூச்சியை. காட்டுத் தரையில் விழும் வெயில் திட்டுகளை ஆண்கள் பிடித்துவைத்துக்கொள்ளும். முதலில் வந்தது சில விநாடிகளில் வென்றுவிடுவதை நிக் டேவிஸ் 1978-ல் காட்டினார். ஒரே திட்டுக்கு இரண்டும் தாமே உரிமையாளர் என்று நம்பும்படி செய்தபோது சண்டை சுமார் பத்து மடங்கு நீண்டது. ஆனால் தேர்வுத்தாளில் அதோடு நிறுத்தினால் பாதி விடைதான். வெயிலில் இருந்த பூச்சியின் உடல் சூடாக இருப்பதால்தான் அது வெல்கிறது, உரிமையால் அல்ல என்று 1998-ல் ஓர் ஆய்வு வாதிட்டது. ஆகவே, ‘முதலில் வந்தவர் வென்றார்’ என்று எழுதும் முன், முதலில் வந்தவர் பலசாலியாகவும் இருந்தாரா என்று பார்த்துவிடுங்கள்.